இடைவெளிக்குள் ஒளிந்திருக்கும் புள்ளி: ஒரே தொகையீடு, நான்கு வழிகள்

கீழே உள்ள தொகையீட்டைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வராது. எல்லைகள் இரண்டும் முடிவுள்ளவை, சார்பும் எளிமையானது.

```
∫₀³ dx / (x² + x − 2)
```

x = 0 என்று போட்டால் −1/2, x = 3 என்று போட்டால் 1/10. இரண்டு முனையிலும் எந்தத் தொல்லையும் இல்லை. ஆனால் பகுதியைக் காரணிப்படுத்தினால் (x − 1)(x + 2) என்று வருகிறது. −2 இடைவெளிக்கு வெளியே இருப்பதால் அதைப் பற்றிக் கவலையில்லை. 1 நட்டநடுவே இருக்கிறது, அங்கே சார்பு வெடித்து முடிவிலிக்குப் போகிறது. அதாவது இது முறையற்ற தொகையீடு. எல்லைகளில் ∞ குறி இல்லாததால் அது வெளியே தெரியவில்லை, அவ்வளவுதான்.

இதைக் கையாள நடைமுறையில் நான்கு வழிகள் இருக்கின்றன: கண்ணை மூடிக்கொண்டு எதிர்வகையீட்டில் எல்லைகளைப் போடுவது, புள்ளியில் பிரித்து எல்லை மதிப்பு எடுப்பது, கோஷியின் முதன்மை மதிப்பை எடுப்பது, கணினியிடம் எண்முறையில் கேட்பது. நான்கையும் இந்த ஒரே கணக்கில் ஓட்டிப் பார்த்தால், எது எதைத் தருகிறது, ஏன் தருகிறது என்பது தெளிவாகிவிடும்.

நேரடியாக எல்லைகளைப் போடுதல்

பகுதி பின்னமாக்கித் தொகையிட்டால் F(x) = (1/3) ln|(x − 1)/(x + 2)|. F(3) = (1/3) ln(2/5), F(0) = (1/3) ln(1/2). கழித்தால் (1/3) ln(4/5), சுமார் −0.0744. அழகான, சிறிய, நம்பத்தகுந்த எண். தேர்வுத்தாளில் இதை எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போகிறவர்கள் நிறைய. ஆனால் விடை தவறு.

இங்கே ln-க்குள் இருக்கும் மட்டுக்குறியைக் கவனியுங்கள். அது இல்லாமல் எழுதியிருந்தால் x = 0-இல் ln(−1/2) என்று வந்து, ஏதோ சரியில்லை என்று உடனே காட்டிக்கொடுத்திருக்கும். மட்டுக்குறி போட்டதால் அந்த எச்சரிக்கை அமுங்கிப்போகிறது. மட்டுக்குறி போடுவது சரியான பழக்கம்தான். ஆனால் x = 1-க்கு இடப்பக்கமும் வலப்பக்கமும் தனித்தனிச் சூத்திரங்கள் என்பதை அது மறைத்துவிடுகிறது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அடிப்படைத் தேற்றம் F(b) − F(a) என்று எழுத அனுமதிப்பது, F அந்த இடைவெளி முழுவதும் தொடர்ச்சியாக இருக்கும்போது. இங்கே F, x = 1-இல் −∞-க்கு விழுந்து மறுபடி மேலே வருகிறது. நிபந்தனை உடைந்துவிட்டதால், தேற்றத்தின் பெயரில் எழுதிய விடைக்கும் பிடிமானம் இல்லை.

பிரித்து எல்லை எடுத்தல்

இதுதான் வரையறைப்படி செய்யும் வழி. 0 முதல் 1 − ε வரை ஒன்று, 1 + δ முதல் 3 வரை இன்னொன்று. ε-உம் δ-வும் ஒன்றையொன்று சாராமல் பூச்சியத்துக்குப் போக வேண்டும். இரண்டு துண்டும் தனித்தனியே ஒருங்கினால்தான் முழுத் தொகையீட்டுக்கு மதிப்பு உண்டு.

இடப்பக்கத் துண்டு (1/3)[ln(ε/(3 − ε)) + ln 2]. ε = 0.01 என்றால் இது −1.669. ε = 0.0001 என்றால் −3.205. ε = 0.000001 என்றால் −4.740. ஒவ்வொரு முறையும் ε நூறு மடங்கு சுருங்கும்போது மதிப்பு சுமார் 1.535 குறைகிறது, அது (ln 100)/3. இது எங்கும் நிற்கப்போவதில்லை, மெதுவாக −∞-க்குப் போகிறது. இடப்பக்கத் துண்டு விரிந்துவிட்டதால் வலப்பக்கத்தைப் பார்க்கவே வேண்டாம். தொகையீடு விரிகிறது, விடை என்று ஓர் எண் கிடையாது.

மடக்கையின் மெதுவான வேகம்தான் இந்தக் கணக்கை ஆபத்தானதாக ஆக்குகிறது. கோடியில் ஒரு பங்குக்கு நெருங்கினாலும் மதிப்பு ஒற்றை இலக்கத்தில்தான் இருக்கும். வரைபடத்தைப் பார்த்தோ சில எண்களைப் பார்த்தோ "பெரிதாக ஒன்றும் இல்லை" என்று முடிவுகட்டிவிட முடியும்.

முதன்மை மதிப்பு

கோஷியின் முதன்மை மதிப்பு இதே பிரிப்புதான், ஒரே ஒரு கூடுதல் கட்டளையோடு: δ-வும் ε-உம் சமமாக இருக்க வேண்டும். அப்படிச் செய்தால் இடப்பக்கத்து (1/3) ln ε-உம் வலப்பக்கத்து −(1/3) ln ε-உம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு, மிச்சம் −0.0744.

முதல் வழியில் வந்த அதே எண்! அப்படியானால் கண்ணை மூடிக்கொண்டு போட்டவர் தெரியாமலேயே முதன்மை மதிப்பைக் கணக்கிட்டிருக்கிறார். இந்த ஒற்றுமையைக் காட்டி "அப்போ அந்த விடை சரிதானே?" என்று கேட்பார்கள். சரி இல்லை. δ = ε என்பதற்குப் பதில் δ = 2ε என்று வெட்டிப் பாருங்கள். இப்போது வரும் எல்லை மதிப்பு (1/3) ln(2/5), அதாவது −0.3054. இரண்டு வெட்டும் பூச்சியத்துக்குத்தான் போகின்றன, விடை மட்டும் வேறு. எப்படி வெட்டுகிறோம் என்பதைப் பொறுத்து மாறும் எண்ணைப் பரப்பு என்று சொல்ல முடியாது.

முதன்மை மதிப்பு பயனற்றது என்று நான் சொல்லவில்லை. ஹில்பர்ட் உருமாற்றத்தின் வரையறையே அதன்மேல்தான் நிற்கிறது. அங்கே சமச்சீர் வெட்டு என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு, தொகையீட்டுக்கு முன் P.V. என்று எழுதிவிடுவார்கள். அந்த இரண்டு எழுத்து இல்லாமல் அதே எண்ணை எழுதுவதுதான் பிழை.

இன்னொன்று, இந்த ஒற்றுமை எப்போதும் வராது. ∫₀³ dx/(x − 1)² என்பதை எடுங்கள். F = −1/(x − 1), எல்லைகளைப் போட்டால் −3/2. எங்கும் நேர்மமாக இருக்கும் சார்புக்கு எதிர்ம விடை! குறியைப் பார்த்தாலே பிடித்துவிடலாம். சமச்சீராக வெட்டினால் கிடைப்பது 2/ε − 3/2. ஆக, நேரடி வழி 2/ε என்ற, முடிவிலிக்குப் போகும் பகுதியைச் சத்தமில்லாமல் தூக்கி எறிந்துவிட்டு மிச்சத்தை விடையாக நீட்டியிருக்கிறது. முதன்மை மதிப்புகூட இங்கே கிடையாது.

கணினியிடம் கேட்டல்

பலரும் கடைசியில் நம்புவது இதைத்தான், அதனால் இங்கே கொஞ்சம் நின்று பார்க்கலாம். எளிய நடுப்புள்ளி விதி:

```python
def mid(n):
    h = 3 / n
    s = 0
    for j in range(n):
        x = (j + 0.5) * h
        s += 1 / (x*x + x - 2)
    return s * h
```

n = 10 கொடுத்தால் 1.7388. n = 100 கொடுத்தால் 1.7394. n = 1000 கொடுத்தாலும் 1.7394. நான்கு தசம இடம் நிலைத்துவிட்டது, விடை கிடைத்துவிட்டது என்றுதான் யாருக்கும் தோன்றும். இப்போது n = 99 கொடுங்கள்: −0.0744. n = 101 கொடுங்கள்: −1.8882.

காரணம் இதுதான். n மூன்றால் வகுபட்டால் x = 1 ஒரு துண்டின் விளிம்பில் விழுகிறது, இருபுறமும் நடுப்புள்ளிகள் சமதூரத்தில் நிற்கின்றன, வெடிப்புகள் அடித்துக்கொண்டு முதன்மை மதிப்பு வருகிறது. மீதி 1 வந்தால் ஒரு நடுப்புள்ளி x = 1-க்கு வலப்பக்கம் h/6 தூரத்தில் விழுந்து π/√3, அதாவது 1.8138, கூடிவிடுகிறது. மீதி 2 வந்தால் இடப்பக்கம் விழுந்து அதே அளவு குறைகிறது. n-ஐ எவ்வளவு பெரிதாக்கினாலும் இந்த மூன்று எண்களுக்கிடையே தாவிக்கொண்டே இருக்குமே தவிர ஒன்றில் அடங்காது. 10, 100, 1000 எல்லாமே மூன்றால் வகுத்தால் மீதி 1 தரும் எண்கள். பத்தின் அடுக்குகளை மட்டும் சோதித்தவருக்கு இந்தத் தாவல் கண்ணில் படவே படாது.

ஆகவே எண்முறையில் சோதிப்பதாக இருந்தால் n-ஐப் பத்தால் பெருக்குவதைவிட, அடுத்தடுத்த n மதிப்புகளைக் கொடுத்துப் பாருங்கள். வழுவழுப்பான சார்புக்கு 100-உம் 101-உம் கிட்டத்தட்ட ஒரே விடை தரும். இங்கே 3.6 வித்தியாசம் வருகிறது.

அப்படியானால் எதை எடுப்பது?

பிரித்து எல்லை எடுப்பதுதான் என் தேர்வு. ஆனால் "நடுவில் வெடித்தாலே விரியும்" என்ற அவசர முடிவும் தவறுதான். ∫₀³ dx/(x − 1)^(2/3) என்பதும் x = 1-இல் வெடிக்கிறது. ஆனால் F = 3(x − 1)^(1/3), இது x = 1-ஐத் தொடர்ச்சியாகக் கடக்கிறது. இரண்டு துண்டும் ஒருங்கி, விடை 3 + 3·2^(1/3), சுமார் 6.780. நேரடியாக எல்லைகளைப் போட்டாலும் இதே எண்தான், இந்த முறை நியாயமாகவே. வெடிக்கும் புள்ளி c என்றால், பகுதியில் நிற்கும் |x − c|-இன் அடுக்கு 1-க்குக் குறைவாக இருந்தால் ஒருங்கும், 1 அல்லது அதற்கு மேல் என்றால் விரியும். முதல் கணக்கில் அடுக்கு சரியாக 1. விரியும் அடுக்குகளிலேயே மிக மெதுவானது அதுதான்.

இதனால் f எங்கே வெடிக்கிறது என்று தேடிப் பட்டியலிட்ட பிறகு, அந்தப் புள்ளிகளிலும் இடைவெளியின் மற்ற இடங்களிலும் F என்ன செய்கிறது என்று பார்ப்பதே முடிவான சோதனை. இது f-இல் குறையே இல்லாத இடத்திலும் கைகொடுக்கும். ∫₀^(2π) dx/(5 − 4cos x) என்பதில் சார்பு எப்போதும் 1/9-க்கும் 1-க்கும் இடையில்தான் இருக்கிறது, எங்கும் வெடிப்பு இல்லை. t = tan(x/2) என்று பிரதியிட்டால் F = (2/3) arctan(3 tan(x/2)). எல்லைகளைப் போட்டால் 0 − 0 = 0, நேர்மமான சார்புக்குப் பூச்சியம்! tan(x/2), x = π-இல் உடைவதால் F அங்கே π/3-இலிருந்து −π/3-க்குத் தாவுகிறது. π-இல் பிரித்து எல்லை எடுத்தால் இரு துண்டும் ஆளுக்கு π/3 தந்து, சரியான விடை 2π/3 வருகிறது. இந்தத் தொடர்ச்சியின்மையைக் கொண்டுவந்தது நாம் செய்த பிரதியிடல். f-ஐ மட்டும் எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் அது தெரியாது.