21,500, 19,000, 17,500: மடிப்பாக்கம் வீட்டுக்கு எந்த வாடகை?

சென்னை மடிப்பாக்கத்தில் இருக்கும் அம்மாவின் வீட்டில் நான்கு வருடம் குடியிருந்தவர்கள், ஜூன் 30ஆம் தேதி காலி செய்வதாக ஒரு மாதம் முன்பே சொல்லிவிட்டார்கள். இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது, 850 சதுர அடி, இரண்டு படுக்கையறை, கார் நிறுத்த ஓர் இடம். கடைசியாக அவர்கள் கொடுத்துவந்த வாடகை 16,500. அடுத்து வருபவரிடம் எவ்வளவு கேட்பது என்பதில் வீட்டுக்குள் மூன்று கட்சி. அண்ணன் 21,500 என்றார். பக்கத்துத் தெரு வீடு ஒன்றுக்கு இணையத்தில் அந்த விலை போட்டிருந்தது. அம்மா, “17,500 போதும், சண்டை போடாத குடும்பமாக வரட்டும்” என்றார். நான் 19,000 பக்கம் இருந்தேன். மூன்றையும் காகிதத்தில் எழுதிப் பார்த்தபோதுதான், நாங்கள் வாதாடிக்கொண்டிருந்த எண்ணைவிட, பேசாமல் விட்ட இன்னொரு எண் பெரியது என்று புரிந்தது. வீடு எத்தனை நாள் பூட்டிக் கிடக்கும் என்பதே அந்த எண்.

முதலில் அக்கம்பக்க வாடகை. விளம்பரத்தில் இருப்பது கேட்கும் வாடகை. முடிந்த வாடகை வேறு. கேட்கும் வாடகையை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால், வாடகைக்குப் போகாத வீடுகளின் விலையைப் பார்த்து நம் வீட்டுக்கு விலை வைத்தவர்கள் ஆகிவிடுவோம். விளம்பரங்களைத் தேதியோடு குறித்து வைத்துக்கொண்டு, இரண்டு வாரம் கழித்து மறுபடியும் பார்த்தேன். அண்ணன் காட்டிய 21,500 வீடு அப்போதும் அங்கேயே இருந்தது. 18,500 போட்டிருந்த வீடு காணாமல் போயிருந்தது.

முடிந்த வாடகையைத் தெரிந்துகொள்ளத் தெருமுனை இஸ்திரி வண்டிக்காரரிடம் போனேன். புதிதாகக் குடிவருபவர்கள் எல்லாருடைய துணியும் அவரிடம்தான் வரும்.

“அந்தப் பச்சை கேட் வீட்டுக்கு 22,000 கேட்டார்கள் அம்மா. இரண்டு மாதம் பூட்டியே கிடந்தது. கடைசியில் பத்தொன்பதரைக்கு முடித்தார்கள்” என்றார் அவர். “லிஃப்ட் இருக்கிறதா அண்ணா?” என்று கேட்டேன். “இல்லை. ஆனால் முதல் மாடி” என்றார்.

கடந்த ஆறு மாதத்துக்குள் குடிவந்தவர்கள் கொடுக்கும் வாடகையைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். நான்கைந்து வருடமாக இருப்பவர்கள் ஆண்டுக்கு 5 சதவீதம் ஏற்றி ஏற்றி வந்த வாடகை, இன்றைய சந்தையைவிடக் குறைவாகவே இருக்கும். எங்கள் 16,500-ம் அப்படிப்பட்டதுதான். இன்னொன்று, பராமரிப்புத் தொகை வாடகைக்குள் அடங்குகிறதா, தனியா என்று கேட்காமல் எந்த எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கக் கூடாது. மாதம் 2,000 இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ போனால் ஒப்பீடே கெட்டுவிடும்.

இப்படித் தேடியதில் எங்கள் வீட்டோடு ஒப்பிடத் தகுந்தவை மூன்று தேறின. பச்சை கேட் வீடு 19,500. அடுத்த தெருவில் லிஃப்டும் இரண்டு ஏசியும் உள்ள புதிய குடியிருப்பில் ஒரு வீடு 21,000. மழைக்குத் தண்ணீர் தேங்கும் தெருவில் தரைத்தள வீடு ஒன்று 16,000. மடிப்பாக்கத்தில் இந்தக் கடைசி வித்தியாசத்தை யாரும் சின்னதாக நினைப்பதில்லை. 2015 வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் தண்ணீர் எங்கே வரை வந்தது என்று வீடு பார்க்க வருபவர்களே கேட்கிறார்கள். எங்கள் வீடு பச்சை கேட் வீட்டைவிட ஒரு மாடி மேலே. லிஃப்ட் இல்லாத இடத்தில் அந்த ஒரு மாடிக்கு 500 ரூபாயைக் கழித்தேன். 19,000 அப்படி வந்ததுதான்.

வசதிகளை எண்ணும்போது எனக்குப் பிடிபட்ட ஒன்று உண்டு. சில வசதிகள் வாடகையை உயர்த்தும். சில வசதிகள் வாடகையை உயர்த்தாமல், வீடு காலியாக இருக்கும் நாளைக் குறைக்கும். கார் நிறுத்த இடம், கோடையிலும் வற்றாத தண்ணீர், லிஃப்ட் மூன்றும் முதல் வகை. கொசுவலை அடித்த ஜன்னல், புதுச் சுண்ணாம்பு, கறை இல்லாத குளியலறை, ஒழுகாத குழாய் ஆகியவை இரண்டாம் வகை. கொசுவலைக்காக யாரும் 500 ரூபாய் கூட்டித் தர மாட்டார்கள். ஆனால் ஒரே விலையில் இரண்டு வீடு பார்த்தவர்கள் கொசுவலை உள்ள வீட்டுக்குத்தான் திரும்பி வருவார்கள். ஏசி இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. குடும்பங்கள் பலவும் சொந்த ஏசியைக் கொண்டுவருகின்றன. நாம் மாட்டிவைத்தால் பழுது பார்க்கும் பொறுப்பும் நம் தலையில் விழும். அண்ணன் ஏசி மாட்டி வாடகையை ஏற்றலாம் என்றபோது அதனால்தான் வேண்டாம் என்றேன்.

இனி மூன்று விலைகளையும் இரண்டு வருடத்துக்கு ஓடவிட்டுப் பார்ப்போம். காலியாக இருக்கும் மாதங்களில் பராமரிப்புத் தொகை 2,000 எங்கள் கையிலிருந்து போகும். ஒவ்வொரு முறை ஆள் மாறும்போதும் வெள்ளையடிப்பு, சில்லறைப் பழுது, புரோக்கர் கூலி எல்லாம் சேர்த்து 20,000 என்று வைத்தேன். 11 மாத ஒப்பந்தம் முடிந்ததும், தங்குபவருக்கு 5 சதவீதம் ஏற்றம். வாடகை கூடக்கூடக் காலி நாளும் கூடும்; தெருவிலேயே அதிகம் கொடுப்பவர், மலிவான வீடு கண்ணில் பட்டதும் கிளம்பிவிடவும் கூடும். இந்த அனுமானங்களோடு கணக்கு இப்படி வந்தது:

| வாடகை | காலியாகக் கிடக்கும் காலம் | ஆள் மாற்றம் | 24 மாதத்தில் கைக்கு வருவது |
|---|---|---|---|
| 21,500 | முதலில் இரண்டரை மாதம், பிறகு 2 மாதம் | 2 முறை | சுமார் 3,70,000 |
| 19,000 | 1 மாதம் | 1 முறை | சுமார் 4,26,000 |
| 17,500 | அரை மாதம் | 1 முறை | சுமார் 4,01,000 |

அண்ணன் உடனே மறுத்தார். “அதிக வாடகைக்கு வருபவர் போய்விடுவார் என்று நீயே முடிவு செய்துகொண்டால் எப்படி?” என்றார். நியாயமான கேள்விதான். அவர் சொன்னபடியே, இரண்டரை மாதம் காத்திருந்து கிடைத்தவர் கடைசிவரை தங்கினால் 21,500க்கு 4,48,000 கிடைக்கிறது. 19,000ஐவிட 22,000 அதிகம். அதே ஆளுக்காக மூன்றரை மாதம் காத்திருக்க நேர்ந்தால் அந்த லாபமும் போய், 19,000க்குக் கீழே இறங்கிவிடுகிறது. மறுபுறம், 19,000க்கு வந்தவரே பதினோராவது மாதம் கிளம்பி வீடு இன்னொரு மாதம் காலியாக இருந்தால், கைக்கு வருவது 3,74,000தான். அதாவது வாடகையில் 2,500 ரூபாய் கூட்டுவதைவிட, வந்தவர் இரண்டாம் வருடமும் இருப்பதுதான் பெரிய வருமானம். அம்மாவின் 17,500 பின்னே நின்ற நியாயம் இதுதான். ஆனால் ஆள் தங்குவதற்குச் சந்தை விலையே போதும். அதற்கும் கீழே 1,500 இறங்கியதற்கு இரண்டு வருடத்தில் 25,000 விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது.

காலியாகக் கிடக்கும் அபாயம் எல்லா மாதத்திலும் ஒன்றல்ல. இந்தக் கணக்கில் அண்ணனுக்குத் தோல்வி வந்ததற்கு ஜூன் 30 என்ற தேதியே காரணம். வீடு மார்ச் கடைசியில் காலியாகியிருந்தால், 21,500 கேட்டுப் பார் என்று நானே சொல்லியிருப்பேன். ஏப்ரல், மே இரண்டும் பள்ளி மாற்றத்துக்காகக் குடும்பங்கள் வீடு தேடும் காலம்; விலை பிழைத்தால் திருத்திக்கொள்ள நாள் இருக்கும். ஜூலை தொடக்கத்தில் அப்படி இல்லை. ஜூலை 17 வாக்கில் ஆடி பிறந்துவிடும். ஆடியில் பால் காய்ச்சிக் குடியேற இங்கே பெரும்பாலான குடும்பங்கள் சம்மதிப்பதில்லை, மார்கழியும் அப்படித்தான். ஆடி பிறப்பதற்குள் ஆள் பிடிக்காவிட்டால் ஆகஸ்ட் நடுப்பகுதிவரை வீடு பூட்டியே கிடக்கும். ஒரு வாரத் தாமதம் ஒன்றரை மாதத் தாமதமாகிவிடும்.

விலை தப்பு என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? விளம்பரம் போட்டு ஒரு வாரம் ஆகியும் தொலைபேசியே வரவில்லை என்றால் விலை அதிகம். நிறையப் பேர் வந்து பார்த்தும் யாரும் இரண்டாம் முறை வரவில்லை என்றால் வீட்டில் ஏதோ குறை. குளியலறைச் சுவரில் ஈரம் ஊறுகிறதா என்று போய்ப் பாருங்கள், அதை விட்டுவிட்டு வாடகையைக் குறைத்துப் பயனில்லை. குறைப்பதாக இருந்தாலும் இருநூறு முந்நூறாகக் குறைக்காமல் ஒரே தடவையில் குறைக்க வேண்டும். இணையத்தில் தேடுபவர்கள் 20,000 என்று மேல்வரம்பு வைத்துத் தேடுவதால், 20,500 போட்ட வீடு அவர்கள் கண்ணிலேயே படாது.

வாடகையைத் தொடாமல் போட்டியிட இன்னொரு வழி அட்வான்ஸ். சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் என்ற பழைய வழக்கம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகையைத்தான் அளவாகச் சொல்கிறது. 19,000 வாடகைக்கு ஆறு மாத அட்வான்ஸுக்கும் மூன்று மாத அட்வான்ஸுக்கும் வித்தியாசம் 57,000. வங்கியில் 7 சதவீதம் வட்டி கிடைத்தாலும் அது மாதம் 330 ரூபாய்தான். குடிவரும் குடும்பத்துக்கோ பள்ளிக் கட்டணமும் சாமான் வண்டிச் செலவும் சேர்ந்து வரும் மாதத்தில் அந்த 57,000 மிகப் பெரிய தொகை. நமக்கு 330 ரூபாய்க்குள் அடங்கும் சலுகை, அவர்களுக்கு ஆயிரம் ரூபாய் வாடகைக் குறைப்பைவிடப் பெரிதாகத் தெரிகிறது. மூன்று மாத வாடகை பாக்கி வைத்து ஓடிவிட்டால் கையில் மிச்சம் இருக்காது என்பது இதில் உள்ள அபாயம். ஆகவே வேலை செய்யும் இடத்தையும் முந்தைய வீட்டுக்காரரையும் விசாரிக்காமல் இதைச் செய்யக் கூடாது.

வேலைக்குப் போகும் பையன்கள் மூன்று பேருக்குத் தலைக்கு 7,500 என்று விட்டால் 22,500 வருமே என்று புரோக்கர் ஆசை காட்டினார். பழைய மகாபலிபுரம் சாலை ஓரத்தில் அது நல்ல வழிதான். ஒருவர் போனாலும் மற்ற இருவரின் வாடகை நிற்காது, ஆடியும் அவர்களைத் தடுக்காது. ஆனால் அடிக்கடி ஆள் மாறும், ஒவ்வொரு முறையும் சாவியோடு போய் நிற்க ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். அம்மாவுக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. இந்த வழியை அதற்கு மேல் பேசவில்லை.

ஜூலை 2ஆம் தேதி 19,000, மூன்று மாத அட்வான்ஸ் என்று விளம்பரம் போட்டு, டு-லெட் பலகையும் மாட்டினோம். முதல் வாரத்தில் ஆறு குடும்பங்கள் பார்த்தன. அதில் இரண்டு பேர் மறுநாளே திரும்ப வந்தார்கள். ஒருவர் 18,000க்குத் தருவீர்களா என்று கேட்டார். இன்னொருவர், ஆசிரியை, வாடகையைப் பற்றிப் பேசவே இல்லை, குழாயைத் திறந்து தண்ணீரை உள்ளங்கையில் ஏந்தி முகர்ந்து பார்த்துவிட்டு, “ஆடிக்கு முன்னால் வந்துவிடலாமா?” என்று மட்டும் அம்மாவிடம் கேட்டார். ஆனி மாதக் கடைசி வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு அங்கே பால் பொங்கியது.