மொட்டை மாடி ஒழுகலும் ஐந்து கட்டமும்: மூன்று வருட கூகுள் ஷீட் அனுபவம்

மதுரையில் மொட்டை மாடி ஒழுகலை அடைத்துத் தரும் வேலை எங்களுடையது. நானும் மச்சானும், கூட நான்கு ஆட்கள். இந்தத் தொழிலில் விசாரித்த அன்றே யாரும் வேலை கொடுப்பதில்லை. மழையில் ஒழுகும்போது கூப்பிடுவார்கள், ஈரத் தளத்தில் பூச முடியாது, "தை பிறக்கட்டும்" என்று நாமே தள்ளிவைப்போம். தை பிறந்தால் அவர்களுக்கும் மறந்துவிடும், நமக்கும் மறந்துவிடும்.

அதற்காக 2023 தொடக்கத்தில் ஒரு ஷீட் போட்டேன். பெயர், போன், கடைசியாகப் பேசிய தேதி, என்ன பேசினோம், அடுத்து எப்போது கூப்பிட வேண்டும். அவ்வளவுதான். நடுவில் இதற்கென்றே இருக்கும் ஒரு ஆப்பையும் இரண்டு மாதம் வைத்துப் பார்த்தேன். ஒரு ஆளைச் சேர்க்க ஏழெட்டு கட்டம் நிரப்பச் சொன்னது. சாயங்காலம் சிமெண்ட் கையோடு யார் நிரப்புவது? திரும்ப ஷீட்டுக்கே வந்துவிட்டேன்.

கூப்பிட வேண்டிய நாள் வந்த வரிசை சிவப்பாக மாற, A2:E முழுவதுக்கும் `Conditional formatting`-இல் இந்த ஃபார்முலாவைக் கொடுத்திருந்தேன்:

```
=AND($E2<>"",$E2<=TODAY())
```

ஆறு மாதம் நன்றாகத்தான் போவதாக நினைத்தேன். அந்த ஆடியில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் மாடியைக் காட்டினார், 850 சதுர அடி. "ஆடி கழியட்டும் தம்பி, பண்ணிடலாம்" என்றார். 21/08/2023 என்று போட்டுவைத்தேன். அந்த வரிசை சிவப்பாகவே இல்லை. நானும் கூப்பிடவில்லை. ஐப்பசி மழையில் வேறு வேலையாக அந்தத் தெருவுக்குப் போனபோது, "நீங்க கூப்பிடுவீங்கன்னு பார்த்தேன். அப்புறம் வேற ஆளை வெச்சு முடிச்சாச்சு" என்றார்.

அன்று ராத்திரி ஷீட்டைத் திறந்து உட்கார்ந்தேன். அவருடைய தேதி கட்டத்தின் இடது ஓரத்தில் ஒட்டியிருந்தது, மற்ற பல தேதிகள் வலது ஓரத்தில். ஷீட்டின் `Locale` அமெரிக்காவாக இருந்திருக்கிறது. அவர்களுக்கு மாதம்தான் முதலில் வரும். 21-ஆவது மாதம் என்று ஒன்று இல்லையே, அதனால் அதைத் தேதியாக எடுத்துக்கொள்ளாமல் வெறும் எழுத்தாக வைத்துவிட்டது. ஷீட்டுக்குள் தேதியும் ஒரு எண்தான். எழுத்தை எண்ணோடு ஒப்பிட்டால் அதற்கு எழுத்துதான் பெரியது. ஆகவே அந்த வரிசை எந்தக் காலத்திலும் சிவப்பாகாது.

இதற்கு முன்பே ஒரு அறிகுறி இருந்தது, நான்தான் கண்டுகொள்ளவில்லை. செப்டம்பர் 5-க்கு 05/09/2023 என்று போட்ட வரிசை, போட்ட அன்றைக்கே சிவப்பானது. மே 9 என்று எடுத்துக்கொண்டிருக்கிறது. நான் ஏதோ தப்பாகத் தட்டிவிட்டேன் என்று நினைத்து விட்டுவிட்டேன்.

`File > Settings > Locale` போய் `India` என்று மாற்றினேன். அதோடு முடியவில்லை. இடது ஓரத் தேதிகள் தானாக மாறாது, திரும்பத் தட்ட வேண்டும். நாள் 12-க்குள் இருந்த தேதிகள் அதைவிடத் தொல்லை. அவை செல்லுபடியாகும் தேதிகள்தான், ஆனால் நாளும் மாதமும் இடம் மாறியவை. கால் லாக்கை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிபார்த்ததில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது. கூடவே மஞ்சள் நிறத்துக்கு இன்னொரு விதியும் சேர்த்தேன்:

```
=AND($A2<>"",NOT(ISNUMBER($E2)))
```

பெயர் இருந்து, அடுத்த தேதி காலியாகவோ எழுத்தாகவோ இருந்தால் வரிசை மஞ்சளாகும். காலித் தேதிகளும் இதில் மாட்டியதுதான் எதிர்பாராத லாபம். "பார்த்துச் சொல்றேன்" என்றவர்களுக்கு நான் தேதியே போடாமல் விட்டிருந்தேன். இப்போது அவர்களுக்கு மூன்று வாரம் தள்ளிப் போடுகிறேன். இரண்டாவது தடவையும் அதே பதில் என்றால் வரிசையை வெட்டி "முடிந்தது" என்ற தாளில் ஒட்டிவிடுவேன்.

பேசிய தேதிக்கு `Ctrl+;` அழுத்தினால் அன்றைய தேதி விழும். அங்கே `=TODAY()` போட்டுவிடாதீர்கள், தினமும் மாறிக்கொண்டே இருக்கும்.

"என்ன பேசினோம்" கட்டத்தில் அவர்கள் சொன்னபடியே எழுதுவது என் பழக்கம். "தண்ணித் தொட்டிக்குக் கீழே ஈரம். மருமகன் துபாயிலிருந்து வந்து சொல்லணும்" என்று ஒன்று இருந்தது. நான்கு மாதம் கழித்துக் கூப்பிட்டு, "மருமகன் வந்துட்டாராம்மா?" என்று தொடங்கினேன். விலையைப் பற்றிய பேச்சே பிறகுதான் வந்தது.

குறை இல்லாமல் இல்லை. ஷீட் தானாக மணியடிக்காது. காலையில் டீயோடு திறந்தால்தான் உண்டு, திறக்காத வாரங்களும் இருந்திருக்கின்றன. போனில் சின்னக் கட்டத்தில் தட்டுவது எரிச்சல், அதனால் ராத்திரி லேப்டாப்பில்தான் ஏற்றுகிறேன். மச்சான் பேசிய வரிசைகளில் இன்றைக்கும் "பேசியாச்சு" என்று மட்டும்தான் இருக்கிறது. அதற்கு இன்னும் ஃபார்முலா கிடைக்கவில்லை.