பின்னால் வளைந்தால் வலி: திருச்சியில் எடுத்த இரண்டு படங்கள்

டொரன்டோவிலிருந்து மூன்று வார விடுமுறைக்குத் திருச்சி வந்த 58 வயது உறவுக்காரப் பெண்மணி ஒருவருக்கு, வந்த நான்காம் நாளே இடுப்பு வலி கூடிவிட்டது. வசதிக்கு இங்கே குறைவில்லை. காலையில் ஸ்கேன் சென்டருக்குப் போனால் மாலையில் எம்.ஆர்.ஐ. அறிக்கை கைக்கு வந்துவிடும், மறுநாளே பிசியோதெரபி தொடங்கிவிடலாம். ஆனால் அந்த வேகத்தில் ஒரு படம் விடுபட்டுப் போனது.

அறிக்கை “எல் 4 – எல் 5 டிஸ்க் பிதுக்கம்” என்றது, அதாவது இடுப்பின் நான்காம், ஐந்தாம் முள்ளெலும்புகளுக்கு நடுவிலுள்ள டிஸ்க் பிதுங்கியிருக்கிறது என்று. பிசியோதெரபி மையம் அதைப் பார்த்துவிட்டு, டிஸ்க் பிதுக்கத்துக்குப் பலரும் தரும் பயிற்சியையே தந்தது: குப்புறப் படுத்து, கையை ஊன்றி, நெஞ்சைத் தூக்கிப் பின்னால் வளைவது, தடவைக்குப் பத்து, தினம் மூன்று வேளை. நான்கே நாளில் வலி பிட்டத்தைத் தாண்டித் தொடைக்கு இறங்கியது. “பழகினால் சரியாகிடும்மா, இன்னும் கொஞ்சம் வளைங்க” என்றார்கள்.

அங்கே நிறுத்தியிருக்க வேண்டும். டிஸ்க் வலி பெரும்பாலும் குனிந்தால், நெடுநேரம் உட்கார்ந்தால் கூடும். இவருக்கோ நின்றால், நடந்தால், பரணிலிருந்து எதையாவது எட்டி எடுத்தால் வலி, உட்கார்ந்தால் குறைந்தது. விமான நிலையத்தில் டிராலி மேல் சாய்ந்து தள்ளிக்கொண்டு நெடுந்தூரம் வலியில்லாமல் நடந்திருக்கிறார். முன்சாய்ந்தால் நரம்புக்கு இடம் விரிகிறது, பின்னால் வளைந்தால் சுருங்குகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டாம்.

எலும்பு மருத்துவர் ஒருவர் இதைக் கேட்டதும், ஒரு முள்ளெலும்பு தன் கீழெலும்பின் மேல் முன்னே விலகியிருக்கலாம் என்று சந்தேகித்து, எம்.ஆர்.ஐ. செலவில் சிறு பங்கே ஆகும் எக்ஸ்ரே ஒன்றை எழுதிக் கொடுத்தார். நின்றபடி, பக்கவாட்டில், நேராக ஒன்று, குனிந்து ஒன்று, பின்னால் வளைந்து ஒன்று. எம்.ஆர்.ஐ. மல்லாந்து படுத்து எடுப்பது. முழங்காலுக்கடியில் தலையணையும் வைப்பார்கள். உடம்பின் பாரம் இல்லாத அந்த நிலையில் விலகிய எலும்பு ஓரளவு தன் இடத்துக்கே திரும்பிவிடக்கூடும். நின்றால்தான் விலகல் முழுதாகத் தெரியும்.

நின்ற படத்தில் நான்காம் இடுப்பு முள்ளெலும்பு ஐந்தாவதன் மேல் 6 மில்லிமீட்டர் முன்னே நகர்ந்திருந்தது. கீழெலும்பின் மேற்பரப்பு முன்பின்னாக 36 மில்லிமீட்டர் நீளம். ஆறை முப்பத்தாறால் வகுத்தால் சுமார் 17 சதவீதம். 25 சதவீதம் வரை விலகலின் முதல் நிலை, அதாவது லேசானது. குனிந்த படத்தில் 7, வளைந்த படத்தில் 5. இடையே 2 மில்லிமீட்டர்தான் அசைவு. நான்கைத் தாண்டினால்தான் பொதுவாக மூட்டு நிலையற்றது என்று கவலைப்படுவார்கள். அறுவை சிகிச்சைப் பேச்சே எழவில்லை.

இந்த வயதுப் பெண்களுக்கு இந்த விலகல் பெரும்பாலும் முள்ளெலும்பின் பின்புறச் சிறு மூட்டுகள் தேய்வதால் வருகிறது. பின்னால் வளையும்போது அந்தத் தேய்ந்த மூட்டுகள் ஒன்றோடொன்று இடித்து நெருங்கும், நரம்புக் குழாயும் குறுகும். அதனால்தான் புஜங்காசனமும் தனுராசனமும் சலபாசனமும் சக்கராசனமும் இவருக்கு ஆகாது. சூரிய நமஸ்காரத்தில் கையைத் தூக்கிப் பின்சாயும் நிலையும் இதில் சேரும். குப்புறப் படுத்துத் தூங்குவதும் அப்படியே.

அதற்காக நின்றபடி குனிந்து தரையைத் தொடச் சொல்வதும் தவறு. குனிந்த படத்தில் விலகல் ஒரு மில்லிமீட்டர் கூடியதை மறக்கக் கூடாது. முதுகுக்குப் பாரம் வராமல், படுத்தபடியே வளைவைத் தணிக்க வேண்டும். மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி, அடிவயிற்றை மெல்ல உள்ளிழுத்து, இடுப்பின் பள்ளம் பாயில் படும்வரை அழுத்தி, மூச்சை அடக்காமல் ஐந்து விநாடி வைப்பது, பத்துத் தடவை. பாய்க்கும் இடுப்புக்கும் நடுவே கையை நுழைத்துப் பார்த்தால் சரியாகச் செய்கிறோமா என்று தெரியும், கை நசுங்க வேண்டும். இது படிந்த பிறகு ஒரு முழங்காலை நெஞ்சுக்கு இழுத்து இருபது விநாடி, மறுகாலுக்கும் அப்படியே. இரண்டாம் வாரம், அதே அழுத்தத்தை விடாமல் ஒரு பாதத்தை மட்டும் தரையிலிருந்து தூக்கி இறக்குவது. இடுப்பு பாயை விட்டு எழும்பினால் அந்தப் படிக்கு வயிறு இன்னும் தயாராகவில்லை, முந்தைய படிக்குத் திரும்ப வேண்டும்.

நடையைப் பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்து, நடுவில் உட்கார வைத்தார் புதிய பிசியோதெரபிஸ்ட். தொடை வலி பிட்டத்துக்கு ஏறியதைத் தேறுவதன் அறிகுறியாக எடுத்துக்கொண்டார். காலுக்கு இறங்கினால் அன்றைய பயிற்சியை விடச் சொன்னார். எண்ணெய் தேய்த்து எலும்பைத் தள்ளிவிடுகிறேன் என்று வந்தவரைக் குடும்பம் திருப்பி அனுப்பியது நல்லது. கையால் தள்ளி அந்த எலும்பு திரும்பாது, தேய்ந்த மூட்டை முறுக்கினால் வலிதான் கூடும்.

சிறுநீர் நின்றுபோனாலோ கட்டுப்படாமல் போனாலோ, தொடையிடுக்கு மரத்தாலோ, பாதம் தூக்க வராமல் தொங்கினாலோ உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும், விமான டிக்கெட் தேதி பார்க்கக் கூடாது.

திரும்பும்போது அறிக்கைத் தாளோடு, மூன்று எக்ஸ்ரே படங்களையும் எம்.ஆர்.ஐ. சி.டி.யையும் கேட்டு வாங்கிக்கொண்டார். அடுத்த ஆண்டு டொரன்டோவில் நின்றபடி எக்ஸ்ரே எடுத்தால், அந்த 6 மில்லிமீட்டரோடு ஒப்பிட்டுப் பார்க்க அவை வேண்டும்.