இமை ஓரத்து மஞ்சள் திட்டும் பத்து நிமிட அவசரமும்

மேல் இமைகளில் மூக்கை ஒட்டிய ஓரத்தில் எனக்கு இரண்டு ஆண்டுகளாக மஞ்சள் திட்டுகள் இருக்கின்றன. நான் வாழும் நாட்டில் பல வாரங்கள் காத்திருந்து மருத்துவரைப் பார்த்தபோது, அது அழகு சார்ந்த விஷயம், காப்பீடு ஏற்காது என்று இரண்டே வாக்கியத்தில் அனுப்பிவிட்டார். ஆகவே விடுமுறையில் ஊருக்கு வந்ததும் ஒரு தோல் சிகிச்சை நிலையத்துக்குப் போனேன். நுழைந்த பத்தாவது நிமிடத்தில் என்னைப் படுக்கவைத்து, திட்டை எரித்து எடுப்பதற்கான டிரைகுளோரோ அசிட்டிக் அமிலப் புட்டியின் மூடியைத் திறந்துவிட்டார்கள். ரத்தப் பரிசோதனை செய்ததுண்டா, வீட்டில் யாருக்காவது மாரடைப்பு வந்ததா என்று ஒரு கேள்விகூட இல்லை. எழுந்து வந்துவிட்டேன். அந்த மூடி திறந்த ஓசை இன்னும் காதில் இருக்கிறது.

மறுநாள், சிறுவயதில் எனக்குக் கண்ணாடி எழுதிக்கொடுத்த கண் மருத்துவரிடம் போனேன். அந்த மருத்துவர் அம்மா இன்னும் அதே நாற்காலியில்தான் இருந்தார். திட்டை விரலால் தடவிப் பார்த்து, இது தட்டையாகவும் மென்மையாகவும் இருப்பதால் சாந்தலாஸ்மா என்றார்; வெள்ளையாகக் கெட்டியாக உருண்டிருந்தால் மிலியா என்று நினைத்திருப்பாராம். கொழுப்பை விழுங்கிய செல்கள் தோலுக்குள் தேங்குவதே இந்த மஞ்சள் நிறம். இது உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ரத்தக் கொழுப்பு இயல்பாகவே இருக்கும்; நீங்கள் எந்தப் பாதி என்று தெரியாமல் இமையைத் தொடமாட்டேன் என்றார்.

முடிவு வந்தது: மொத்தக் கொலஸ்டிரால் 268, நல்ல கொழுப்பு 43, டிரைகிளிசரைடு 150. டிரைகிளிசரைடை ஐந்தால் வகுத்தால் 30. அதையும் 43-ஐயும் 268-இலிருந்து கழித்தால் கெட்ட கொழுப்பு 195 என்று தாளின் ஓரத்திலேயே எழுதிக் காட்டினார். டிரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் இந்தக் கணக்கு செல்லாது. கெட்ட கொழுப்பு 190-ஐ எட்டினால் பரம்பரைக் காரணத்தைச் சந்தேகிக்க வேண்டும் என்றவர், அப்பாவுக்கு 52 வயதில் மாரடைப்பு வந்ததைக் கேட்டதும் பேனாவைக் கீழே வைத்தார். தைராய்டு குறைந்தாலும் கொழுப்பு ஏறும் என்பதால் அதையும் பார்த்தார். அது இயல்பாக இருந்தது.

ஸ்டாட்டின் மாத்திரை ரத்தத்தில் உள்ள கொழுப்பின் அளவைக் குறைக்கும், திட்டு பெரும்பாலும் அப்படியே இருக்கும் என்பதை அவர் மறைக்கவில்லை. அமிலம் மேலாகப் பட்டால் திட்டு மிஞ்சும், ஆழமாகப் பட்டால் தழும்பு இமையை இழுக்கும், கருத்த தோலில் நிறமாற்றமும் தங்கலாம். அறுவையில் அகலமாக வெட்டினால் இமை முழுதாக மூடாது. எந்த முறையில் எடுத்தாலும் திரும்ப வரக்கூடும். கொழுப்பைக் கட்டுப்படுத்தாமல் எடுத்தால் இன்னும் எளிதாக வரும்.

திட்டுகளோடுதான் விமானம் ஏறினேன். மூன்று மாதத்தில் மறுபரிசோதனை. அதற்குள் அண்ணனும் தங்கையும் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டார்கள், தங்கைக்குக் கெட்ட கொழுப்பு 201. அவள் இமையில் ஒரு புள்ளிகூட இல்லை.