கிரான் ரூறிஸ்மோ 7 லொபியா, அசெற்றோ கோர்சா கொம்பெற்றிசியோனே சேர்வரா?

எங்களுக்குச் சனிக்கிழமை இரவு 8 மணிக்கு இணையத்தில் கார் ஓட்டம். ரொறன்ரோவில் இருக்கிற மச்சான்மாருக்கு அது கோடைகாலக் காலை 10.30. கொக்குவில், திருநெல்வேலிப் பெடியள் ஏழு பேர், அங்கே மூன்று பேர். பத்துப் பேருமே தெரிந்தவர்கள் என்பதால் கதவைப் பூட்டி ஓடுவது லேசு. தெரிந்தவர்கள் மட்டும் உள்ளே வரும்படி வைத்தால் போதும். ஒருவர் இன்னொருவரை இடித்தால் யார் தீர்ப்புச் சொல்வது என்பதுதான் பிரச்சினை. இரண்டு விளையாட்டுகளும் அடிப்படையில் பிரிவது அந்த இடத்தில்தான்.

முதலில் உதவிகளைப் பார்ப்போம். கிரான் ரூறிஸ்மோவில் லொபி திறப்பவர் எதிர்த்திருப்பு உதவி, நிலைத்தன்மை உதவி, ஓட்டக் கோடு, டிராக்ஷன் கொன்ரோல் ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தடுக்கலாம். எங்கள் பத்துப் பேரில் நாலு பேர் கொன்ரோலரில் ஓடுகிறவர்கள். அவர்கள் இருக்கும்போது டிராக்ஷன் கொன்ரோலைத் தடுத்தால் வளைவிலிருந்து வெளியே வரும்போதே சுழல்வார்கள். எதிர்த்திருப்பையும் நிலைத்தன்மையையும் மட்டும் தடுத்து, மற்றதை விட்டுவிடுவது நியாயம்.

அசெற்றோவில் தடுப்பதோடு உச்சவரம்பும் வைக்கலாம். சேர்வரின் assistRules.json கோப்பில் இப்படி எழுதினால் போதும்:

```
{
  "stabilityControlLevelMax": 25,
  "disableAutosteer": 1,
  "disableIdealLine": 1
}
```

நிலைத்தன்மை உதவியை 60 வைத்துக்கொண்டு வருகிறவரைச் சேர்வர் துரத்தாது. 25க்கு மேல் வேலை செய்யவிடாது, அவ்வளவுதான். வழக்கமாக நேராகப் போகிறவர் முதல் சுற்றிலேயே பின்பக்கம் வழுக்கினால் காரணம் இதுவாக இருக்கலாம். சிலர் 0 போடச் சொல்வார்கள். அது வேண்டாம். இந்த உதவியை நம்பி ஓடுகிற கார் கொஞ்சம் மெதுவாகவே போகும்படி விளையாட்டுக்குள்ளேயே செய்திருக்கிறார்கள், அதனால் அதில் திருட்டு லாபம் இல்லை. ஏபிஎஸ், டிராக்ஷன் இரண்டும் அந்த ஜிடி3 கார்களில் நிஜமாகவே இருப்பவை, அவற்றை இந்தக் கோப்பு தொடாது.

இனித் தண்டனை. மொன்சாவின் முதல் வளைவை எடுத்துக்கொள்வோம். மூன்றாம் சுற்றில் 27ஆம் கார் பிரேக்கைப் பிந்தி அழுத்தி, 12ஐப் பின்னால் இடிக்கிறது. 12 நாலு இடம் இழக்கிறது. கிரான் ரூறிஸ்மோவில் தண்டனை போட்டிருந்தால் இயந்திரமே உடனே தீர்ப்புச் சொல்லும். லொபிக்காரர் அதைத் திருத்தவோ நீக்கவோ வழியில்லை. இடித்தவரின் நோக்கம் அதற்குத் தெரியாது. இங்கே 4ஜி ரவுட்டரில் மழை நேரம் பிங் எகிறும். கார் தாவித் தாவி வந்து, உண்மையில் தொடாத இடத்தில் தொட்டதாகக் காட்டும். அந்த இரவுகளில் கார்கள் ஒன்றுக்குள் ஒன்று ஊடுருவிப் போகவிடும் தெரிவைப் போட்டுவிட்டு ஓடுவதுதான் நல்லது.

அசெற்றோ சேர்வர் மோதலுக்குத் தானாகத் தண்டிப்பதில்லை. பாதை வெட்டினால், பிட்டில் வேகம் கூடினால் தண்டிக்கும். மோதலை மனிதர்தான் பார்த்து, உரையாடல் பெட்டியில் தட்ட வேண்டும். முதலில் `/admin` என்று அட்மின் பாஸ்வேர்டோடு உள்ளே போக வேண்டும். அப்புறம், 27 தெரியாமல் இடித்திருந்தால் `/tp5c 27`, ஐந்து விநாடி. அடாவடியாக இடித்திருந்தால் `/dtc 27`, அவர் மூன்று சுற்றுக்குள் பிட் வழியாகப் போய்வர வேண்டும். பிழையாகப் போட்டுவிட்டால் `/clear 27`.

இதோடு settings.json கோப்பில் allowAutoDQ என்பதை 0 ஆக்கிவிடுங்கள். அப்படிச் செய்தால் சேர்வர் ஒருவரை நேரே வெளியே தள்ளாமல் 30 விநாடி நிறுத்தத் தண்டனை கொடுக்கும். மூன்று சுற்று அவகாசம் கிடைக்கும், அதற்குள் பார்த்து நீக்கலாம், அல்லது `/dq` போடலாம். எனக்கு மிகவும் பிடித்த தெரிவு இதுதான். ஒரு பெடியன் வாரம் முழுக்கக் காத்திருந்து வந்தவன். ஒரு கணக்குப் பிழையால் அவன் வெளியேறக் கூடாது.

ஆனால் இதற்கு ஒரு விலை இருக்கிறது. ஸ்ரேரிங்கைப் பிடித்த கையால் கட்டளை தட்ட முடியாது, அதனால் ஒருவர் ஓடாமல் இருந்து பார்க்க வேண்டும். எங்களில் முறை வைத்து ஒவ்வொரு வாரமும் ஒருவர் இருக்கிறோம். சேர்வரை வீட்டுக் கணினியில் நடத்த நினைத்தால், முதலில் ரவுட்டரில் தெரியும் வெளி ஐபியை இணையத்தில் காட்டும் ஐபியோடு ஒப்பிடுங்கள். இரண்டும் வேறென்றால் பல வீடுகள் ஒரே ஐபியைப் பகிர்கின்றன. போர்ட் திறந்தாலும் ரொறன்ரோவிலிருந்து யாரும் வர முடியாது. 4ஜி வீட்டு இணைப்பில் பெரும்பாலும் இதுதான் நிலை. அப்போது சேர்வரை வாடகைக்கு எடுக்க வேண்டும், மாதக் காசைப் பத்துப் பேரும் பிரித்துக் கொடுக்கலாம். கரண்ட் போனாலும் ஓட்டம் நிற்காது.

பார்க்க ஆள் இருக்கிற வாரம் அசெற்றோ. பத்துப் பேரும் ஓட விரும்பினால், அல்லது பிளேஸ்ரேசன் மட்டும் வைத்திருக்கிற ஒருவர் புதிதாய் வந்தால், கிரான் ரூறிஸ்மோ.