ஸ்பாட் விகிதமா, ஃபார்வர்டு விகிதமா?

ஓராண்டுப் பத்திரத்தின் கூப்பன், அதாவது ஆண்டு வட்டி, 6%, ஈராண்டுப் பத்திரத்தினுடையது 7%. இரண்டும் 100 ரூபாய்க்கே விற்கின்றன. ஸ்பாட் விகிதம் என்பது இன்று போட்டு, இடையில் எதுவும் பெறாமல், முடிவில் மொத்தமாகப் பெறும் பணத்துக்கான ஆண்டு வட்டி; ஓராண்டுக்கு அது நேரடியாக 6%.

ஈராண்டுப் பத்திரத்தின் முதல் கூப்பன் 7 ரூபாயை 1.06-ஆல் வகுத்தால் இன்றைய மதிப்பு 6.60. மீதி 93.40 ரூபாய்தான் இரண்டாம் ஆண்டின் 107 ரூபாய்க்கான விலை. 107 ÷ 93.40 = 1.1456, இதன் வர்க்கமூலம் ஈராண்டு ஸ்பாட் விகிதத்தை ஆண்டுக்கு 7.04% எனக் காட்டுகிறது.

அதே 1.1456-ஐ 1.06-ஆல் வகுத்தால் ஃபார்வர்டு விகிதம், அதாவது இரண்டாம் ஆண்டுக்கு மட்டும் இன்றைய விலைகளில் அடங்கியிருக்கும் வட்டி: 8.08%. அடுத்த ஆண்டு வட்டி இதைத் தாண்டும் என்று நம்புபவர் ஓராண்டுக்கு முதலிட்டுப் புதுப்பிக்கலாம், மற்றவருக்கு 7.04%-ஐ ஈராண்டுக்கும் பூட்டிவைப்பதே மேல். ஃபார்வர்டு விகிதத்தை வட்டி முன்னறிவிப்பாகக் கொள்வது தவறு. அது சமன்புள்ளி மட்டுமே.

ஈராண்டு விலை 100-க்குப் பதில் பழைய 99.90 எனப் பதிவானால் ஸ்பாட் 0.06 சதவீதப் புள்ளிதான் உயரும், ஃபார்வர்டோ 0.12 சதவீதப் புள்ளி ஏறும். பல ஆண்டுகளின் ஃபார்வர்டு விகிதங்களை இணைக்கும் கோடு ரம்பப்பல்போல் தெரிந்தால் முதலில் பழைய விலைகளைச் சந்தேகியுங்கள்.