காலிக் கட்டங்களைப் பார்க்கக் கற்றுக்கொண்ட கதை: ஆர்டர் சோதனையில் நிலைமாற்ற வரைபடமும் முடிவு அட்டவணையும்

ஓர் இணைய விற்பனைத் தளத்தின் ஆர்டர் பகுதியைச் சோதிப்பது நான்கு ஆண்டுகளாக என் வேலை. ஆர்டர் பதிவாகிறது, அனுப்பப்படுகிறது, வாடிக்கையாளர் கையில் சேருகிறது, சில வேளை திரும்பி வருகிறது. இந்தப் பாதையைச் சோதிக்க இரண்டு பழைய உத்திகளை நம்பியிருக்கிறேன்: எந்த நிகழ்வு வந்தால் ஆர்டர் எந்த நிலையிலிருந்து எந்த நிலைக்குப் போகும் என்று அம்புகளால் காட்டும் நிலைமாற்ற வரைபடம், நிபந்தனைகளின் ஒவ்வொரு சேர்க்கைக்கும் ஒரு நிரல் வைத்து என்ன முடிவு என்று சொல்லும் முடிவு அட்டவணை. இரண்டுமே பாடநூல்களில் இரண்டு மூன்று பக்கங்களில் முடிந்துவிடும். நெடுநாள் புழங்கிய பிறகுதான் எது எங்கே உதவும், எது எங்கே கைவிடும் என்பது பிடிபட்டது.

முதலில் நான் வரைந்த படத்தில் ஆறு நிலைகள் இருந்தன: `PLACED`, `SHIPPED`, `DELIVERED`, `RETURN_REQUESTED`, `RETURNED`, `CANCELLED`. ஆறு நிகழ்வுகள், ஆறு அம்புகள். படமாகப் பார்த்தபோது எல்லாம் சரியாகவே இருந்தது. வரைபடத்தின் குறையே அதுதான். நடக்க வேண்டியதை அது காட்டும். நடக்கக் கூடாததைக் காட்ட அதில் இடமே இல்லை, ஏனெனில் வரையாத அம்பு கண்ணில் படாது.

அதனால் படத்தை அப்படியே ஓர் அட்டவணையாக மாற்றினேன். வரிசைகளில் நிலைகள், நிரல்களில் நிகழ்வுகள். ஆறுக்கு ஆறு, மொத்தம் 36 கட்டங்கள். அவற்றில் ஆறு நிரம்பியிருந்தன, 30 காலி. அந்த 30 காலிக் கட்டங்களை வைத்துக்கொண்டு நிரலாளரோடும் கிடங்கைப் பார்த்துக்கொள்பவரோடும் ஒரு மதியம் முழுவதும் உட்கார்ந்தேன். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரே கேள்வி: இந்த நிலையில் இந்த நிகழ்வு வந்தால் என்ன ஆக வேண்டும்?

`SHIPPED` வரிசையில் `receive_return` நிரலுக்கு வந்தபோது கிடங்குக்காரர் நிமிர்ந்தார். “இது தினமும் நடக்கிறதே” என்றார். முகவரி தவறு, வீட்டில் ஆளில்லை என்று கூரியர் கொடுக்க முடியாமல் திருப்பி அனுப்பும் பொட்டலங்கள் அவை. வாடிக்கையாளர் கையில் சேராமலே, யாரும் திருப்பம் கேட்காமலே பொருள் கிடங்குக்கு வந்துவிடுகிறது. எங்கள் மென்பொருளில் அதற்கு வழியில்லாததால் அவர்கள் கணக்கை ஒரு தனித்தாளில் எழுதி வந்திருக்கிறார்கள். அன்று ஏழாவது அம்பு பிறந்தது.

மீதி 29 கட்டங்களும் ஒரே வகையல்ல. `SHIPPED` நிலையில் `cancel` வந்தால் தெளிவாக மறுக்க வேண்டும். `DELIVERED` நிலையில் மறுபடியும் `deliver` வந்தால் மறுக்கக் கூடாது, கூரியர் தரப்பு ஒரே அறிவிப்பை இரண்டு முறை அனுப்புவது இயல்பு. பேசாமல் ஏற்றுக்கொண்டு எதையும் மாற்றாமல் விட வேண்டும். `PLACED` நிலையில் `deliver` வந்தால் அறிவிப்புகள் வரிசை மாறி வந்திருக்கின்றன, அதைப் பிடித்து வைத்துப் பிறகு பார்க்க வேண்டும். ஆகவே காலிக் கட்டத்தில் வெறும் கோடு போடுவதை நிறுத்தினேன். “மறு”, “பொருட்படுத்தாதே”, “நிறுத்திவை” என்று மூன்றில் ஒன்றை எழுதுகிறோம். எழுதாத கட்டம் ஒன்று இருந்தாலும் அந்தப் பகுதி சோதனைக்குத் தயாரில்லை.

இவ்வளவு செய்தும் ஒரு பெரிய பிழையை நான் தவறவிட்டேன். `RETURNED` நிலையில் `receive_return` என்ற கட்டத்தில் “பொருட்படுத்தாதே” என்று எழுதியிருந்தது. சோதனையும் எழுதினேன்: கிடங்கில் ஒரே பொட்டலத்தை இரண்டு முறை ஸ்கேன் செய்தால் நிலை `RETURNED` ஆகவே இருக்க வேண்டும். இருந்தது. சோதனை தேறியது. ஆனால் வாடிக்கையாளருக்குப் பணம் இரண்டு முறை திரும்பிப் போயிருந்தது. நிலை மாறவில்லை, அதோடு ஒட்டிய செயல் மட்டும் மறுபடி ஓடியிருக்கிறது. அதன் பிறகு எந்தச் சோதனையிலும் நிலையை மட்டும் பார்ப்பதில்லை. பணம் திருப்பிய பதிவுகள் எத்தனை, இருப்புக் கணக்கு எவ்வளவு கூடியது, மின்னஞ்சல் எத்தனை போயிற்று என்று எண்ணிப் பார்க்கிறேன். காலிக் கட்டங்களில் இவை எல்லாமே பூஜ்யமாக இருக்க வேண்டும்.

முடிவு அட்டவணைக்கு வருகிறேன். `DELIVERED` நிலையிலிருந்து `RETURN_REQUESTED` நிலைக்குப் போகும் ஓர் அம்பு வரைபடத்தில் எளிய கோடு. அதன் பின்னால் விதிகள் குவிந்து கிடக்கின்றன. எங்களுக்கு நிபந்தனைகள் மூன்று: 30 நாளுக்குள் கேட்கிறாரா, பொருள் பழுதா, அது திருப்ப அனுமதியுள்ள வகையா. ஆம், இல்லை என்று வைத்தால் எட்டு நிரல்கள். நாளுக்குள் கேட்டு, பொருள் பழுதென்றால் வகை எதுவானாலும் ஏற்க வேண்டும், திருப்பி அனுப்பும் செலவு கடைக்கு. பழுதில்லை, ஆனால் அனுமதியுள்ள வகை என்றால் ஏற்கலாம், செலவு வாடிக்கையாளருக்கு. பழுதுமில்லை, அனுமதியுமில்லை என்றால் மறுக்க வேண்டும். நாள் கடந்துவிட்டால் பழுதான பொருளை மட்டும் ஓர் ஆள் நேரில் பார்த்து முடிவு செய்வார், மற்றவை மறுக்கப்படும்.

“வகை எதுவானாலும்” என்ற இடங்களைச் சேர்த்தால் எட்டு நிரல் ஐந்தாகச் சுருங்கும். சரியாகச் சுருக்கினோமா என்று பார்க்க ஓர் எளிய கணக்கு உண்டு. சுருங்கிய ஒவ்வொரு நிரலும் மூல அட்டவணையின் எத்தனை நிரல்களைக் குறிக்கிறது என்று கூட்டினால் எட்டு வர வேண்டும். இங்கே இரண்டு, ஒன்று, ஒன்று, இரண்டு, இரண்டு. எட்டுதான். குறைந்தால் ஒரு விதி விட்டுப்போயிருக்கிறது, கூடினால் இரண்டு விதிகள் ஒன்றோடொன்று மோதுகின்றன.

ஐந்து நிரலை வைத்து ஐந்து சோதனை எழுதி இரண்டு மாதம் நிம்மதியாக இருந்தேன். பிறகு பழுதான ஒரு பொருளைத் திருப்ப முடியவில்லை என்று புகார் வந்தது. பார்த்தால், மென்பொருள் முதலில் வகையைச் சோதித்து, அனுமதியில்லாத வகை என்றால் பழுதைக் கேட்காமலே மறுத்துக்கொண்டிருந்தது. என் சோதனையிலோ அந்த “எதுவானாலும்” இடத்தில் அனுமதியுள்ள வகையைத்தான் போட்டிருந்தேன். வகை பொருட்டல்ல என்று சொன்னது விதி. மென்பொருள் அதைப் பொருட்படுத்தியது. பொருட்படுத்துகிறதா இல்லையா என்பதைத்தானே சோதிக்க வேண்டும்? இப்போது சுருங்கிய அட்டவணை வணிகப் பிரிவினரோடு பேசுவதற்கு மட்டும். நிபந்தனைகள் நான்கு வரை இருந்தால் 16 நிரல்களையும் விரித்தே சோதிக்கிறேன், இயந்திரம் ஓட்டுகிற சோதனைக்கு அது சுமையே அல்ல. 30ஆம் நாள், 31ஆம் நாள் போன்ற எல்லை மதிப்புகளை அட்டவணை தானாகத் தராது, அவற்றைத் தனியாகச் சேர்க்க வேண்டும்.

இரண்டு உத்திகளும் சேருமிடத்தில்தான் எனக்கு மிகக் கடினமான பிழைகள் கிடைத்தன. முடிவு அட்டவணை எந்த அம்பில் தொங்குகிறது என்பதை வரைபடத்திலேயே எழுத வேண்டும். எங்கள் படத்தில் அது இல்லை. வாடிக்கையாளர் 29ஆம் நாள் திருப்பம் கேட்கிறார், ஏற்கப்படுகிறது. பொட்டலம் கிடங்குக்கு வந்து சேரும்போது 36ஆம் நாள். நிரலாளர் நல்லெண்ணத்தோடு அதே விதிச் செயல்கூற்றைப் பொட்டலம் வந்து சேரும் அம்பிலும் அழைத்திருந்தார். 30 நாள் கடந்துவிட்டது என்று மென்பொருள் மறுத்துவிட்டது. அட்டவணை சரி, வரைபடமும் சரி, இரண்டையும் இணைக்கும் குறிப்புதான் இல்லை. இப்போது அட்டவணைக்கு ஒரு பெயர் கொடுத்து, அந்தப் பெயரை ஒரே ஓர் அம்பின்மேல் எழுதுகிறேன்.

இன்னொன்று, திருப்பம் மறுக்கப்பட்ட ஆர்டர் `DELIVERED` நிலைக்கே மீள்கிறது. ஏழு அம்புகளையும் தலா ஒரு முறை கடந்தால் இந்த மீள்தலும் சோதிக்கப்பட்டுவிடும், குறை எதுவும் தெரியாது. ஆனால் அடுத்தடுத்த இரண்டு அம்புகளை ஓர் இணையாக எடுத்து ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்து பார்க்கும் முறை ஒன்று உண்டு. நிலைமாற்றச் சோதனை பற்றி 1978இல் டி. எஸ். சோ என்ற ஆய்வாளர் எழுதிய கட்டுரையிலிருந்து வந்தது அது. எங்கள் படத்தில் அப்படிப்பட்ட இணைகள் ஆறே ஆறுதான். அவற்றில் ஒன்று, மறுக்கப்பட்ட பிறகு மறுபடியும் திருப்பம் கேட்பது. அதை ஓட்டியபோது, நாள் கடந்த ஆர்டர் ஏற்கப்பட்டது. `DELIVERED` நிலைக்குள் நுழையும்போதெல்லாம் `delivered_at` புலத்தில் அன்றைய தேதி எழுதப்பட்டிருக்கிறது. மறுப்பு வந்த நாளில் 30 நாள் கணக்கு புதிதாகத் தொடங்கிவிட்டது. படத்தில் பின்னோக்கிப் போகும் அம்பு ஒன்று இருந்தாலே இணைச் சோதனையை விடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இந்த உத்திகளால் முடியாததும் உண்டு. வாடிக்கையாளர் ரத்து செய்யும் அதே நொடியில் கிடங்கும் அனுப்பினால்? வரைபடம் ஒரு நேரத்தில் ஒரு நிகழ்வு என்றே எண்ணுகிறது. இதற்கு இரண்டு கோரிக்கைகளை ஒரே சமயத்தில் அனுப்பும் தனிச் சோதனை வேண்டும். மாற்றத்தை எழுதும் இடத்தில் பழைய நிலையும் சரிபார்க்கப்படுகிறதா என்று மூலநிரலையும் படிக்க வேண்டும்:

```sql
UPDATE orders SET state = 'SHIPPED'
WHERE id = ? AND state = 'PLACED';
```

மாறிய வரிசைகள் பூஜ்யம் என்று வந்தால் வேறொருவர் முந்திவிட்டார் என்று பொருள். அந்தப் பூஜ்யத்தை மென்பொருள் பார்க்கிறதா என்பதே சோதனை.

மூன்று பொருள் வாங்கி ஒன்றை மட்டும் திருப்பும்போது படம் இன்னும் மோசமாகத் திணறும். மூன்று பொருளுக்கும் ஆறு நிலை என்றால் 216 சேர்க்கைகள், அதை யாரும் வரைய முடியாது. “பகுதி திரும்பியது” என்ற நிலையை ஆர்டருக்குச் சேர்த்துப் பார்த்தோம், அம்புகள் பின்னிக்கொண்டன. கடைசியில் வரைபடத்தை ஒவ்வொரு பொருளுக்கும் உரியதாக்கினோம். ஆர்டரின் நிலை அவற்றிலிருந்து கணக்கிடப்படுகிறது. அந்தக் கணக்கு இன்னொரு சிறிய முடிவு அட்டவணை: எல்லாம் திரும்பினவா, சில மட்டுமா, வழியில் எதுவும் இருக்கிறதா.

அடுத்து, திருப்பாமல் வேறு பொருளாக மாற்றிக் கொடுக்கும் வசதி வருகிறது. ஒரு புதிய நிலை, ஒரு புதிய நிகழ்வு. 36 கட்டங்கள் 49 ஆகின்றன. புதிய 13 கட்டங்களில் 11இல் எழுதிவிட்டோம். மாற்றுப் பொருள் வழியில் இருக்கும்போது பழைய பொருள் வராமலே போனால் என்ன, மாற்றிக் கொடுத்ததையும் திருப்பக் கேட்டால் என்ன என்ற இரண்டு கட்டங்களுக்குப் பதில் கேட்டுக் காத்திருக்கிறேன்.